வெள்ளிக்கிழமை இருக்க முடியாது

அதிபர் நல்லவர்தான். ஆனால் நேர அட்டவணையைக் கையில் எடுத்தால் அவருக்கு இரக்கம் போய்விடும். அந்தப் பள்ளித் தவணை தொடங்கி மூன்றாம் கிழமை என்னை அறைக்குக் கூப்பிட்டு, உயர்தர வகுப்பில் அளவையியல் என்ற தர்க்கப் பாடம் எடுக்கும் ஒன்பது பிள்ளைகளையும் வேறு பாடத்துக்கு மாற்றிவிடலாம் என்று நினைப்பதாகச் சொன்னார். போன வருடம் அந்தப் பாடத்தில் சித்தியடைந்தவர்கள் இரண்டு பேர்தான். அப்போது அந்தப் பாடத்துக்கு ஆசிரியரே இல்லை என்பதை நான் நினைவுபடுத்தினேன். அதை அவர் மறுக்கவில்லை. ஒரு பரீட்சை வையுங்கள், ஒன்பது பேரில் ஐந்து பேர் நாற்பது புள்ளி தாண்டட்டும், அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விடுவதற்குள் புள்ளிகள் என் மேசையில் இருக்கட்டும் என்றார். இல்லாவிட்டால் திங்கட்கிழமை புது அட்டவணை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போனதும் எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், நான்தான் முதல். அங்கே நான் எடுத்துப் படித்தது அளவையியல். அக்கரப்பத்தனைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு நியமனம் வந்தபோது, நான் படித்ததையே படிப்பிக்கப் போகிறேன் என்று தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தவள். அந்தப் பாடத்தை என் கையிலேயே இழுத்து மூட நான் விடுவதாக இல்லை.

என் பிள்ளைகளின் பழக்கம் எனக்குத் தெரியும். திகதி சொன்னால் முதல் நாள் இரவு மட்டும் படிப்பார்கள். சொல்லாவிட்டால் படிக்கவே மாட்டார்கள். அதனால் அந்த வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஒரு ஏற்பாடு செய்தேன்.

"அடுத்த கிழமை அஞ்சு நாள்ல ஒரு நாள் டெஸ்ட். அன்னைக்குக் காலையில பேப்பர் கைக்கு வர்ற வரைக்கும், இன்னைக்குத்தான்னு ஒங்களுக்குத் தெரியாது. தெனமும் படிச்சிட்டு வாங்க."

முகங்கள் தொங்கின. எனக்குத் திருப்தி. கரும்பலகையில் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாட்களையும் வரிசையாக எழுதி வைத்தேன். அதுதான் நான் செய்த பிழை. எழுதி வைக்காவிட்டால் அவளுக்கு அந்த யோசனையே வந்திருக்காது.

அவள் என்று நான் சொல்வது மேற்பிரிவுத் தோட்டத்திலிருந்து வரும் பெண்ணை. வகுப்பிலேயே கெட்டிக்காரி. கேட்டால் ஒழியப் பேசமாட்டாள். அன்றைக்கு அவளாகவே கையைத் தூக்கினாள்.

"டீச்சர், வெள்ளிக்கெழம டெஸ்ட் இருக்க முடியாது."

ஏன் என்றேன். எழுந்து பலகைக்கு வந்தாள். போன கிழமை நான் படிப்பித்தது நேரல் பெறுகை. ஒன்றை உண்மை என்று வைத்துக்கொண்டு, அது முரண்பாட்டில் போய் முட்டுவதைக் காட்டி, அது உண்மையில்லை என்று நிறுவும் முறை. அதை அப்படியே எனக்குத் திருப்பிக் காட்டினாள். வெள்ளிக்கிழமை பரீட்சை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வியாழன் வரை பரீட்சை வந்திருக்காது. வியாழன் பின்னேரம் மிச்சம் இருப்பது ஒரே நாள். நாளைக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரியாது என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். ஆகவே வெள்ளி இல்லை. வெள்ளியின் மேல் ஒரு கோடு போட்டாள்.

"இப்ப வியாழந்தான் கடைசி நாள். புதன் பின்னேரம் வரைக்கும் வரலன்னா, வெள்ளி இல்லன்னு ஏற்கனவே தெரியும், அப்ப வியாழன்னு தெரிஞ்சிரும். அதனால வியாழனும் இல்ல."

வியாழனுக்குக் கோடு. பிறகு அவள் விளக்கவும் வேண்டியிருக்கவில்லை. புதன், செவ்வாய் என்று வகுப்பே சேர்ந்து சொல்ல, அவள் கோடு போட்டுக்கொண்டே போனாள். திங்கள் மட்டும் மிஞ்சியது. திங்கள்தான் என்றால் அது இப்போதே தெரிந்துவிட்டதே என்று அதையும் அடித்தாள்.

"அப்ப டெஸ்ட்டே இல்லயா டீச்சர்?" என்று கேட்டான் வகுப்பின் வாயாடி. வகுப்பில் இருக்கும் மூன்று பையன்களில் நெட்டையானவன். "நீங்க சொன்னா சொன்னதுதானே."

நான் ஒவ்வொரு படியையும் திரும்பப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. மணி அடித்துவிட்டது. "டெஸ்ட் வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டேன். என் முதுகுக்குப் பின்னால் கைதட்டல் கேட்டது. அது எனக்கில்லை, அவளுக்கு.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கம் முழுக்க எழுதினேன். அம்மா மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, பள்ளிக்கூட வேலையா என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

இந்தப் புதிர் எனக்குப் புதியதில்லை. பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையில் பத்து நிமிடம் பேசிவிட்டு விட்டுவிட்டார்கள். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். இப்போது அது என் வகுப்பின் பலகையில் ஏறி, என் பாடத்தையே அடிக்கப் பார்த்தது.

ஒரு விடயம் உடனே பிடிபட்டது. முடிவு பிழை. பரீட்சையே இல்லை என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் புதன்கிழமை தாளை நீட்டினால், அவர்கள் திடுக்கிடத்தான் போகிறார்கள். நான் சொன்ன இரண்டும் நடந்துவிடும். பரீட்சையும் வரும், முன்னதாகத் தெரிந்தும் இருக்காது. அவளுடைய நிரூபணமே எனக்கு உதவி செய்கிறது. முடிவு பிழை என்றால் நடுவில் எங்கோ ஒரு படி பிழை. வகுப்பில் நான் நூறு தடவை சொன்னது அது. ஆனால் எந்தப் படி?

ஐந்து நாளைக் குறைத்துப் பார்த்தேன். நான்கு, மூன்று, இரண்டு. கடைசியில் ஒரு நாள். "நாளைக்குப் பரீட்சை, ஆனால் நாளைக்கு என்பது உங்களுக்குத் தெரியாது." இதை ஒருவரிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்? முழுதாக நம்பினால் நாளைக்குப் பரீட்சை என்று தெரிந்துவிடும், உடனே இரண்டாம் பாதி பொய்யாகிவிடும். ஆகவே முழுதாக நம்ப முடியாது. நம்ப முடியாவிட்டால் நாளைக்குப் பரீட்சை என்று தெரியாது. தெரியாதபோது பரீட்சை வந்தால் நான் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. சொல் உண்மையாகவே இருக்கலாம், கேட்கிறவரால் மட்டும் அதை அறிந்திருக்க முடியாது. அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். ஆனால் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்பது ஒரு காரணம். கைதட்டல் இன்னும் காதில் இருந்தது இன்னொரு காரணம்.

புதன்கிழமை என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமையிலிருந்து தினமும் பாடம் தொடங்குமுன் ஒன்பது பேருக்கும் ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுத்தேன். இன்று பரீட்சை உண்டா, இல்லையா, உறுதியாகத் தெரியாதா, காரணம் என்ன என்று எழுதித் தரவேண்டும். திங்கட்கிழமை ஒன்பது துண்டிலும் இல்லை. செவ்வாய்க்கிழமையும் ஒன்பதிலும் இல்லை. நெட்டையன் காரணத்தில் "நிறுவப்பட்டது" என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தான். யாரும் புத்தகத்தைத் தொடவில்லை என்பது கேள்வி கேட்டபோதே தெரிந்தது. சாதாரணமாக எல்லாவற்றையும் படித்துவிட்டு வரும் மேற்பிரிவுப் பெண்கூட ஒரு வரையறையைச் சொல்ல முடியாமல் நின்றாள். வருத்தப்பட்டேன், ஆனால் பயப்படவில்லை. புதன்கிழமை பாதிப்பேர் விடை தெரியாமல் விழித்தாலும் ஐந்து பேர் தேறுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

செவ்வாய் இரவு மழை பிடித்தது. புதன்கிழமை காலை நான் சந்தியில் நின்றேன், பஸ் வரவில்லை. மேலே பாதையில் மண் சரிந்துவிட்டதாகவும், இயந்திரம் வந்து அள்ளினால்தான் வாகனம் போகும் என்றும் தேயிலை லொறிக்காரர் சொன்னார். அதிபருக்குப் போன் எடுத்தேன். அவரும் வழியில்தான் நின்றார். அன்று நாள் போயிற்று.

வியாழக்கிழமை பாதை திறந்தது. எப்படியாவது வைத்துவிடலாம் என்று முதல் ஆளாகப் போய் நின்றால், பள்ளிக்கூடத்தின் கீழ்க்கட்டடம் முழுக்கச் சேறு. மண்வெட்டியும் வாளியுமாக முழுப் பள்ளிக்கூடமும் சேர்ந்து துப்புரவுச் சிரமதானம். பாடம் எதுவும் நடக்கவில்லை. பரீட்சைத் தாள்கள் அதிபரின் அலுமாரியில் பத்திரமாக இருந்தன. நான் முழங்கால்வரை சேற்றோடு நின்றேன்.

அன்று பின்னேரம் பஸ்ஸில் பின் இருக்கைகளில் என் பிள்ளைகள் நால்வர் இருந்தார்கள். நான் முன்னால் ஏறியதை அவர்கள் கவனிக்கவில்லை.

"நாளைக்குத்தான்டி. வேற நாளே இல்லியே. போய்ப் படி."

"நாளைக்குன்னா நமக்குத் தெரிஞ்சிருச்சே. தெரிஞ்சா வைக்க மாட்டாங்க. டீச்சர் சொன்ன சொல்ல மாத்துற ஆளா?" இது நெட்டையனின் குரல்.

"டெஸ்ட் வைக்கிறேன்னுந்தானே சொன்னாங்க. அதயும் மாத்த மாட்டாங்கல்ல?"

"அப்ப ரெண்டும் எப்பிடிடா நடக்கும்?"

"எனக்கென்ன தெரியும், நான் என்ன டீச்சரா?"

சிரித்தார்கள். மேற்பிரிவுப் பெண் மட்டும் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். இவ எப்பவும் இப்பிடித்தான், கெழமையைக் கெடுத்ததே இவதான் என்று ஒருத்தி அவளைச் சீண்டினாள்.

என் நிலைமையும் சுகமாக இல்லை. அவள் முதலில் கோடு போட்ட நாள் மட்டுந்தான் எனக்கு மிஞ்சியிருந்தது. அதிபரிடம் திங்கள்வரை தவணை கேட்டால், அந்தக் கிழமைக்குள் பரீட்சை என்ற சொல் போகிறது, ஒருவேளை பாடமும் போகிறது. வெள்ளிக்கிழமை வைத்தால், உங்களுக்குத் தெரியாது என்ற சொல் போய்விட்டதாக அவர்கள் சொல்லலாம். கைப்பையில் இருந்த தாளை எடுத்து மடியில் விரித்தேன். நாளைக்குப் பரீட்சை, ஆனால் அது உங்களுக்குத் தெரியாது. ஐந்து நாள் ஏற்பாடு குறைந்து குறைந்து அந்த ஒரு நாள் வாக்கியமாகவே ஆகியிருந்தது. கலண்டர் தாளின் பின்பக்கம் நான் எழுதியது சரி என்றால், வெள்ளிக்கிழமையும் பரீட்சை வைக்கலாம். சரி என்றுதான் நம்பினேன். இறங்குமுன் முடிவு செய்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல் துண்டுகளைக் கொடுத்தேன். அன்று மட்டும் எழுத நேரம் எடுத்தது. சிலர் எழுதி அடித்து எழுதினார்கள். வாங்கி ஒவ்வொன்றாக வாசித்தேன். நான்கு பேர் உண்டு என்று எழுதியிருந்தார்கள். மூன்று பேர் இல்லை. இரண்டு பேர் தெரியாது. ஒரே வகுப்பு, ஒரே அறிவித்தல், ஒரே கடைசி நாள், மூன்று விடை.

தெரியாது என்று எழுதிய ஒரு துண்டில் காரணம் வெறுமையாக இருந்தது. மற்றது மேற்பிரிவுப் பெண்ணுடையது. சின்ன எழுத்தில் துண்டின் பின்பக்கம் வரை எழுதியிருந்தாள்.

"டீச்சர் இரண்டு விடயம் சொன்னார். இன்று அவை இரண்டையும் ஒன்றாக நம்ப முடியவில்லை. உண்டு என்று சொல்ல ஒன்றை விட வேண்டும். இல்லை என்று சொல்ல மற்றதை விட வேண்டும். எதை விடுவது என்று தெரியாததால் இன்று பரீட்சை உண்டா என்பதும் எனக்குத் தெரியாது. அப்படியானால் வெள்ளிக்கு நான் போட்ட கோடு பிழை. டீச்சர் மன்னிக்கவும்."

கடைசி வரியை எதற்கு எழுதினாள் என்று எனக்குப் புரிந்தது. எங்கள் பள்ளிக்கூடங்களில் டீச்சர் சொன்னதை நம்பவில்லை என்று ஒரு பிள்ளை வாயைத் திறந்து சொல்லாது. வீட்டில் அப்பாவை எதிர்த்துப் பேசுகிற பிள்ளையும் சொல்லாது. போன வெள்ளிக்கிழமை அத்தனை பேரும் கோடு போடத் தலையாட்டியதற்கும் அதுதான் காரணம். வியாழன் பின்னேரம் ஆனாலும் டீச்சர் சொன்னது நடந்தே தீரும் என்று நமக்குத் தெரிந்திருக்கும் என்பதை யாரும் எடுகூற்றாக, வாதம் தொடங்கும் அடிப்படைக் கூற்றாக, எழுதவேயில்லை. அதை எடுகூற்று என்றே யாரும் நினைக்கவில்லை, நான் உட்பட. வாதத்தின் முதல் படி அதன் மேல்தான் நிற்கிறது. அது போனால் வெள்ளியின் கோடு போகிறது. அந்தக் கோடு போனால் அதன் மேல் சாய்ந்து நின்ற வியாழன், புதன், செவ்வாய், திங்கள் கோடுகள் எல்லாம் போகின்றன.

துண்டுகளை மேசையில் வைத்துவிட்டு வினாத்தாள்களை எடுத்தேன்.

"ஐயோ டீச்சர், சொல்ல மாத்திட்டீங்க" என்றான் நெட்டையன்.

"நீ இன்னைக்கு இல்லன்னுதானே எழுதுன?"

"ஆமா."

"அப்ப ஒனக்குத் தெரியாது. நான் எதை மாத்துனேன்?"

பேனையை எடுத்தான். உண்டு என்று எழுதிய நால்வரைப் பற்றி அவன் கேட்டிருந்தால் நான் கொஞ்சம் திணறியிருப்பேன். அவர்கள் சொன்னது நடந்ததே. பிறகு யோசித்து ஒரு விடை வைத்திருக்கிறேன். அவர்கள் என் சொல்லில் ஒரு பாதி பொய்த்துவிடும் என்று வைத்துக்கொண்டு, மறுபாதி மட்டும் பொய்க்காது என்று எண்ணினார்கள். ஒரு பாதி பொய்க்கும் என்றால் மற்றது பொய்க்காது என்பதற்கு என்ன பிடிமானம்? அவர்கள் சரியாக ஊகித்தார்கள், அறியவில்லை. இதை ஒத்துக்கொள்ளாத அறிஞர்களும் இருக்கிறார்கள், வேறு இடத்தில் ஓட்டை இருக்கிறது என்பவர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். என் வகுப்பில் நடந்ததற்கு என் விடை பொருந்துகிறது.

இரண்டு மணிநேரத் தாள். இடைவேளைக்குப் பிறகு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து திருத்தினேன். உண்டு என்றவர்களில் மூன்று பேர் நாற்பதைத் தாண்டினார்கள். நான்காமவள் இரவிரவாக விழித்திருந்து தூக்கக் கலக்கத்தில் கோட்டைவிட்டாள். இல்லை என்ற மூவரில் இரண்டு பேர் கவிழ்ந்தார்கள். நெட்டையன் நாற்பத்திரண்டு, எப்படி என்று அவனுக்கே தெரியாது. காரணம் எழுதாதவள் முப்பத்தைந்து. கடைசியாக மேற்பிரிவுப் பெண்ணின் விடைத்தாளை எடுத்தேன். அதுவரைக்கும் நான்கு பேர். அவள் தேறினால் ஐந்து. கெட்டிக்காரிதான். ஆனால் செவ்வாய்க்கிழமை ஒரு வரையறை சொல்ல முடியாமல் நின்றவள்.

முதல் பக்கம் மோசம். இரண்டாம் பக்கத்தில் எழுத்து நிதானமாகியிருந்தது. கூட்டிப் பார்த்தேன், திரும்பவும் கூட்டினேன். ஐம்பத்தாறு. பிறகு கேட்டபோது, வியாழன் இரவு படித்ததாகச் சொன்னாள். உண்டா இல்லையா என்று தெரியாவிட்டால் படிக்கத்தானே வேண்டும் என்றாள்.

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அதிபரின் மேசையில் புள்ளிகளை வைத்தேன். அவர் விரலை வைத்து எண்ணி, "சரியா அஞ்சு" என்றார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றும் சொன்னார். நான் மேற்பிரிவுப் பெண்ணின் துண்டையும் நீட்டினேன். இரண்டு தடவை வாசித்தார்.

"பிள்ள ஒங்கள நம்பலன்னு எழுதியிருக்கு. நீங்க என்னடான்னா இதப் பெருமையா கொண்டுவந்து காட்டுறீங்க?"

"ஆமா சேர். நான் சொன்னது உண்மைதான். ஆனா அத நம்பித்தான் ஆகணும்னு இல்லன்னு அவளே கண்டுபிடிச்சிட்டா. இந்தப் பாடம் அதுக்குத்தான்."

அவர் மேசையில் இருந்த புது அட்டவணையில் ஒன்பது பேருடைய கட்டத்தில் எழுதியிருந்த வேறு பாடத்தை அடித்துவிட்டு, அளவையியல் என்று எழுதினார்.

திங்கட்கிழமை அவளைப் பலகைக்குக் கூப்பிட்டேன். ஐந்து நாளையும் திரும்ப எழுதினாள். போன தடவை எழுதாமல் விட்ட எடுகூற்றை முதல் வரியில் எழுதச் சொன்னேன். சுண்ணக்கட்டியைப் பிடித்துக்கொண்டு வகுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"டீச்சர் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"எழுது."

எழுதினாள். நெட்டையன் அதைச் சத்தமாக வாசித்தான்: "வியாழன் பின்னேரம் ஆனாலும் டீச்சர் சொன்னது நடந்தே தீரும் என்று நமக்குத் தெரியும்." அவள் திரும்பி, இந்த வரி உண்மையா என்பது வியாழக்கிழமை பின்னேரம் நமக்குத் தெரியாது என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அந்த வரியின் மேல் கோடு போட்டாள்.